ராத்திரியில் ஒழுகும் டயப்பர்: எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள்

கைக்குழந்தை உள்ள வீடுகளில் காலையில் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று, ராத்திரி முழுக்க நனைந்த டயப்பரைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவது. சட்டையும் விரிப்பும் நனைந்திருந்தால் கூடவே ஒரு வசவும் விழும்: "இந்தக் கம்பெனி சரியில்லை, வேற வாங்கணும்." வேறு வாங்குவார்கள். சில நாளில் அதுவும் ஒழுகும். ஒழுகிய டயப்பரைச் சுருட்டுவதற்கு முன்னால் அதை விரித்து, எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது, எந்தப் பக்கம் காய்ந்து கிடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்திருந்தால் பல வீடுகளில் கம்பெனியை மாற்றாமலே தொல்லை தீர்ந்திருக்கும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிறுநீர் போனதால்தான் குழந்தை விழிக்கிறதா? பெரும்பாலும் இல்லை. கைக்குழந்தைகளின் தூக்கத்தையும் சிறுநீர்ப்பையையும் ஒருசேரக் கவனித்த ஆய்வாளர்கள் கண்டது கிட்டத்தட்டத் தலைகீழான வரிசை. ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும் குழந்தை அப்படியே சிறுநீர் விடுவது அரிது. முதலில் லேசாக அசைகிறது, முகத்தைச் சுளிக்கிறது, சில சமயம் சிணுங்குகிறது, அதன் பிறகே சிறுநீர் போகிறது. வேறு தொந்தரவு இல்லாவிட்டால் மறுபடி தூங்கிவிடுகிறது. நாம் என்ன செய்கிறோம்? அந்தச் சிணுங்கல் கேட்டதும் விளக்கைப் போட்டு, டயப்பரைத் தொட்டுப் பார்த்து, ஈரம் தெரிந்ததும் "ஐயோ, நனைஞ்சுடுச்சு" என்று காலைத் தூக்கி மாற்ற ஆரம்பிக்கிறோம். பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளை முழுசாக விழித்துக்கொள்கிறது. எழுப்பியது ஈரமல்ல, நாம்.

உண்மையில் எழுப்பும் ஈரம் வேறு. அது டயப்பருக்குள் இருப்பதல்ல, வெளியே கசிந்து சட்டையிலும் விரிப்பிலும் ஊறியது. உள்ளே இருக்கும் வரை சிறுநீர் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். பருத்திச் சட்டைக்கு வந்துவிட்டால் மின்விசிறிக் காற்றில் ஆவியாகத் தொடங்கும், ஆவியாகும்போது குளிரும். ஏ.சி. அறையென்றால் கேட்கவே வேண்டாம். வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும் அந்தக் குளிர்ந்த துணியைத்தான் குழந்தை பொறுத்துக்கொள்ளாது. ஆகவே ராத்திரி நாம் கவலைப்பட வேண்டியது டயப்பர் நனைந்ததா என்பதைப் பற்றி அல்ல, ஒழுகியதா என்பதைப் பற்றி.

டயப்பரின் முன்பக்கம் மஞ்சளாக ஓடும் கோடு நீலமாக மாறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்தக் கோடு ஈரம் பட்டது என்று மட்டும் சொல்லும், நிறைந்துவிட்டது என்று சொல்லாது. முதல் தடவை சிறுநீர் போனதுமே நீலமாகிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது

டயப்பர் ஏன் ஒழுகுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றைக் கத்தரியால் வெட்டிப் பார்ப்பது நல்லது. உடம்பில் படும் மேல்தாள் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் துணி. அது சிறுநீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் கீழே விட்டுவிடும். அதன் கீழே சிறுநீரைப் பரப்பிவிடும் ஓர் அடுக்கு. அதற்கும் கீழே மரக்கூழிலிருந்து செய்த பஞ்சு, அதற்குள் உப்புத்தூள் மாதிரிக் கலந்திருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகள். கடைசியில் நீர் இறங்காத பிளாஸ்டிக் தாள். தொடைப் பக்கம் இரண்டு வரிசைத் தடுப்பு உண்டு: வெளியே தெரியும் சுருக்கு விளிம்பு ஒன்று, உள்ளே எழுந்து நிற்கும் மெல்லிய மடிப்பு இன்னொன்று.

வேலை முழுவதும் அந்த மணிகளுடையது. ஊறவைத்த ஜவ்வரிசி போல அவை உப்பி, நீரைத் தங்களுக்குள் பூட்டிக்கொள்ளும். அழுத்தினாலும் எளிதில் விடாது. வடித்த நீரென்றால் தன் எடையைப் போல நூறு மடங்குக் கணக்கில் குடிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அந்தத் திறன் விழுந்துவிடுகிறது, முப்பது நாற்பது மடங்குதான் மிஞ்சும். விளம்பரத்தில் நீலத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவதற்கும் நம் வீட்டுக் கதைக்கும் உள்ள இடைவெளியில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மணிகள் உடனே குடிப்பதில்லை, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். சிறுநீரோ சில விநாடிகளில் ஒரே இடத்தில் பாய்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் அதைத் தாங்கிப் பரப்ப வேண்டியது பஞ்சும் பரப்பும் அடுக்கும். ஏற்கெனவே நனைந்த இடத்திலேயே மறுபடி சிறுநீர் பாய்ந்தால், உப்பிய மணிகள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். புதுச் சிறுநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடி, அருகில் எந்த இடுக்கு கிடைக்கிறதோ அதன் வழியே வெளியேறும். அதனால்தான் பின்பாதி முழுக்கக் காய்ந்திருக்க, முன்பாதி வழியாக டயப்பர் ஒழுகுகிறது. கொள்ளளவு போதாமல் ஒழுகுவதும் வழி அடைந்து ஒழுகுவதும் இரண்டு வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

எந்த நோய் என்று எப்படித் தெரியும்? சமையலறைத் தராசு போதும். புது டயப்பரை நிறுத்து எடையை எழுதிவையுங்கள். ஒழுகிய டயப்பரைக் கழற்றியதும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு மறுபடி நிறுங்கள். வித்தியாசம் எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி சிறுநீர் உள்ளே இருக்கிறது. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு மணிக்கு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் 2 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். 8 கிலோ குழந்தைக்கு 10 மணி நேரத்தில் 160 மில்லி. பால் குடிப்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். டயப்பர் கனமாக, முன்னும் பின்னும் ஒரே மாதிரி உப்பி, அழுத்தினால் மேல்தாள் ஈரமாக இருந்தால் அது நிறைந்துவிட்டது. லேசாக, ஒரு பக்கம் மட்டும் உப்பியிருந்தால் வழிதான் கோளாறு.

நனைந்த இடம் சொல்வது

இதற்கடுத்து சட்டையைப் பாருங்கள். தொப்புள் பக்கம் நனைந்திருந்தால், ஆண் குழந்தை என்றால் முதல் சந்தேகம் குறி மேல்நோக்கி இருந்தது என்பதுதான். டயப்பர் போடும்போது அதைக் கீழ்நோக்கி வைத்துவிட்டுக் கட்டினால் பல வீடுகளில் விஷயம் அன்றே முடிந்துவிடும். குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைக்கும் வயிற்றுப் பக்கம்தான் நனையும். மல்லாந்து தூங்குவது, அதுவும் முக்கியமாகப் பெண் குழந்தைகள் தூங்குவது, பின்பக்கம் நனைக்கும். அவர்களுக்கு டயப்பரின் பின்பகுதியைச் சற்று ஏற்றி, முதுகில் இடைவெளி விழாமல் போட வேண்டும். தொட்டிலில் உடம்பு வளைந்து கிடக்கும் குழந்தைக்கு எல்லாம் பின்பக்கம் சேரும். சேலைத் தொட்டில் இருபுறமும் அழுத்துவதால் இடுப்புப் பட்டை வழியாகக் கசியவும் கசியும். தொடை ஓரம் நனைந்திருந்தால் காரணம் அநேகமாக உள்மடிப்பு. போடும் அவசரத்தில் அது உள்ளே மடங்கிக் கிடக்கும். இரண்டு தொடையையும் சுற்றி ஒரு விரலை ஓட்டி அதை வெளியே இழுத்து விட்டுவிட்டாலே போதும். இவ்வளவு சிறிய வேலையை விட்டுவிட்டு நாம் புது பிராண்டைத் தேடிப் போவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நம் ஊருக்கென்றே உள்ள காரணங்கள் மூன்று, டயப்பர் பொட்டலத்தில் எங்கும் எழுதியிருக்காதவை. ஒன்று அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறோ வெள்ளி அரைஞாணோ, டயப்பரின் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அங்கே ஓர் இடுக்கு விழும். பருத்திக் கயிறென்றால் அதோடு நிற்காது. திரி எண்ணெயை இழுப்பதைப் போலச் சிறுநீரை இழுத்து வெளியே கொண்டுவந்து சட்டையில் விடும். கயிற்றை டயப்பருக்கு மேலே ஏற்றிவிடுங்கள். இரண்டாவது பனியன். குளிராமல் இருக்கட்டும் என்று பனியனின் நுனியை டயப்பருக்குள் செருகுகிறோம். அதுவும் திரியாகத்தான் வேலை செய்யும்.

மூன்றாவது எண்ணெய். ராத்திரி உடம்பு பிடித்துவிட்டுத் தூங்க வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தத் தேங்காய் எண்ணெயோ, புண் வராமலிருக்கத் தடவும் பெட்ரோலியம் ஜெல்லியோ மேல்தாளில் தாராளமாகப் படிந்தால் சிறுநீர் கீழே இறங்காது. எண்ணெய்த் தாளில் விழுந்த துளி உருண்டு ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் எண்ணெயைத் துடைத்துவிட்டு டயப்பர் போடுங்கள். களிம்பு அவசியமென்றால் தேவையான இடத்தில் மட்டும், மெல்லியதாக. முகப்பவுடரை அள்ளிக் கொட்டுவதை நிறுத்தினால் டயப்பருக்கும் நல்லது, குழந்தையின் நுரையீரலுக்கும் நல்லது.

ஒரு பிள்ளையின் கதை

திருநெல்வேலியில் என் அண்ணன் மகள் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஒன்பது மாதம், எடை எட்டரை கிலோ. "அத்தை, டான்னு மூணு மணிக்கு முழிச்சுக்கிடுதான். தொட்டுப் பார்த்தா சட்டை பூராவும் ஈரம். மாத்தி விட்டா அஞ்சு மணி வரைக்கும் தூங்க மாட்டேங்கான்" என்று போனில் அலுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று M அளவிலிருந்து L-க்கு மாறியிருந்தாள். அதன் பிறகு வயிற்றோடு தொடையும் நனைய ஆரம்பித்திருந்தது.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பேன்ட் மாடல் டயப்பர்களில் M என்பது பெரும்பாலும் 7 முதல் 12 கிலோ, L என்பது 9 முதல் 14 கிலோ. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற அளவுகள். 10, 11 கிலோ குழந்தைக்கு ராத்திரி மட்டும் பெரிய அளவு போடுவது நல்ல யோசனை. உள்ளே பஞ்சும் மணியும் கூடுதலாக இருக்கும். எட்டரை கிலோ பையனுக்கு L-இன் தொடை ஓட்டை தளர்வாக இருந்தது, ஒழுகலுக்குப் புதிதாக ஒரு வழி கிடைத்ததுதான் மிச்சம். M-க்கே திரும்பச் சொன்னேன். தொடையில் அழுத்திய சிவப்புத் தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தாலோ, இடுப்புப் பட்டை தொப்புளுக்கு வெகு கீழே நின்றாலோதான் சிறியது என்று பொருள். அவனுக்கு இரண்டும் இல்லை.

அப்புறம் ஒழுகியதை நிறுக்கச் சொன்னேன். காய்ந்த டயப்பர் 30 கிராம், மூன்று மணிக்குக் கழற்றியது 138 கிராம். உள்ளே 108 மில்லி. மாலை ஏழரைக்குப் போட்டது, ஏழரை மணி நேரம் ஆகியிருக்கிறது. மேலே சொன்ன கணக்குப்படி 125, 130 மில்லி வந்திருக்க வேண்டும். ஆக வெளியே போனது இருபது மில்லி சொச்சம், அதாவது நான்கைந்து டீஸ்பூன். சட்டை முழுக்க நனைய அது தாராளம். "விரிச்சுப் பார்த்தியாட்டி?" என்றேன். முன்பாதி கல்லு மாதிரி உப்பியிருக்கிறது, பின்னால் தூள் தூளாகக் காய்ந்தே கிடக்கிறது என்றாள். டயப்பரின் கொள்ளளவில் கோளாறில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

பையன் தானாகப் புரளக் கற்ற பிறகு குப்புறப் படுத்தே தூங்குகிறான். இடுப்பில் கறுப்புக் கயிறு, அது டயப்பருக்குள். பனியன் நுனியும் உள்ளே. குறியை யாரும் கவனித்ததில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது என்பதால் ஒவ்வொன்றாக மாற்றினாள். குறியைக் கீழ்நோக்கி வைத்ததில் நனைவு பாதியாகக் குறைந்தது. கயிற்றை மேலே ஏற்றிப் பனியனை வெளியே விட்டதும் சட்டையில் கையகல ஈரம் மட்டும் மிஞ்சியது. கடைசியாக, மாலை ஏழரைக்குப் போட்டதை ராத்திரி பத்தரைக்கு ஒருமுறை மாற்றினாள். அதோடு நின்றது.

பத்தரை மணி மாற்றம்தான் இதில் கொஞ்சம் கைப்பழக்கம் தேவைப்படுவது. பெரியவர்கள் படுக்கப் போகும் அந்த நேரத்தில், முன்னிரவுத் தூக்கம் இன்னும் ஆழமாக இருக்கும். குழந்தையின் கையை மெல்லத் தூக்கி விடுங்கள். துவண்டு விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். விரல்கள் மடங்கி எதிர்ப்புக் காட்டினால், கண்ணிமைக்குள் விழி ஓடினால் கொஞ்சம் பொறுத்திருங்கள். மாற்று டயப்பர், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, கழற்றியதைப் போட ஒரு பை என எல்லாம் முன்னமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேல் விளக்கு வேண்டாம். கால் பக்கம் மங்கலாக ஒரு விளக்கு போதும். பேச்சு வேண்டாம், முத்தமும் வேண்டாம்.

இந்த இடத்தில் பேன்ட் மாடல் டயப்பர் உதவாது. கழற்றுவது எளிது, இரு ஓரமும் கிழித்தால் வந்துவிடும். புதியதைப் போட இரண்டு காலையும் நுழைத்து இடுப்பைத் தூக்க வேண்டும், அப்போது விழித்துவிடும். ராத்திரிக்கு மட்டும் டேப் ஒட்டும் டயப்பர் ஒரு சிறிய பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். குழந்தையை ஒருக்களித்துத் திருப்பி, புதியதைப் பாதி சுருட்டி முதுகுப் பக்கம் செருகி, மறுபுறம் திருப்பி இழுத்து ஒட்டிவிடலாம். இரண்டு காலையும் சேர்த்து உயரத் தூக்க வேண்டியதில்லை. தூக்கினால் சின்னக் குழந்தைகள் கையை விரித்துத் திடுக்கிடும். டேப்பை ஒட்டிய பிறகு இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். வெறும் சிறுநீர் என்றால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்துத் துடைக்கக் கூடாது.

அண்ணன் மகளின் பையன் இப்போது நாலரை மணிவாக்கில் ஒருமுறை பாலுக்கு எழுகிறான். அது பசி. அதற்கும் டயப்பருக்கும் சம்பந்தமில்லை, அதை மாற்றவும் வேண்டாம். ராத்திரிப் பால் கொடுக்கும்போது டயப்பர் மாற்றியே தீர வேண்டுமென்றால், ஒரு மார்பில் குடித்து முடித்து அடுத்ததற்கு மாறும் இடைவெளியில் மாற்றிவிடுங்கள். இரண்டாவது மார்பில் குடித்துக்கொண்டே தூங்கிவிடும். குடித்து முடித்துக் கண் சொக்கிய பிறகு மாற்ற ஆரம்பித்தால் அவ்வளவு நேரப் பாடும் வீண்.

கடையில் நிற்கும்போது

ராத்திரிக்கு எந்த டயப்பர் நல்லது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரையுங்கள். வெறும் தண்ணீரில் எல்லா டயப்பரும் சூரர்கள்தான். உப்பு இருந்தால்தான் நிஜம் தெரியும். டயப்பரைக் குழந்தை மேல் இருப்பது போலத் தொட்டியாக வளைத்துப் பிடித்து, முன்பகுதியில் ஒரே இடத்தில் 60 மில்லியை ஊற்றுங்கள். ஒன்பது மாதக் குழந்தையின் சிறுநீர்ப்பை கொள்வது ஏறக்குறைய அவ்வளவுதான். இருபது நிமிடம் விட்டு அதே இடத்தில் இன்னொரு 60, மறுபடி இருபது நிமிடம் விட்டு இன்னொரு 60. மூன்றாவது தடவை எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறது என்று பாருங்கள், அங்கேதான் நல்லதும் மட்டமும் பிரியும். கடைசியாக டிஷ்யூ தாளை மேலே வைத்து, இரண்டு கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். தாள் தொப்பலாக நனைந்தால் குழந்தை புரண்டு படுக்கும்போதும் அப்படித்தான் கசியும். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உங்கள் பிள்ளையின் தொடைக்கும் இடுப்புக்கும் அது பொருந்துமா என்பதை இது சொல்லாது. ஆகவே பெரிய பொட்டலத்தைத் தள்ளுபடியில் அள்ளுவதற்கு முன் சின்னப் பொட்டலம் ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். "12 மணி நேரம்" என்று அட்டையில் போட்டிருப்பது உங்கள் குழந்தை குடிக்கும் பாலைக் கணக்கில் வைத்து எழுதியதல்ல.

பேன்ட் மாடலில் முன்பின் மாற்றிப் போட்டுவிடுவதும் நடக்கிறது. கழற்றிய பிறகு சுருட்டி ஒட்ட ஒரு சிறிய டேப் பல கம்பெனிகளில் உண்டு, அது இருக்கும் பக்கம் பின்பக்கம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுகிறவர்களும் உண்டு. அடியிலிருப்பதன் வெளித்தாள் பிளாஸ்டிக், மேலே இருப்பதற்கு ஒரு சொட்டும் போகாது. உள்ளிருப்பது வழிந்த பிறகுதான் வெளியே இருப்பதற்கு வேலை. இடைப்பட்ட நேரம் பிள்ளைக்குப் புழுக்கம்தான். கூடுதல் கொள்ளளவு தேவையென்றால் அடியில் பிளாஸ்டிக் இல்லாத செருகு பேடு வாங்கி உள்ளே வைக்க வேண்டும், அல்லது மேலே சொன்னபடி பத்தரைக்கு மாற்ற வேண்டும். எனக்கு இரண்டாவதே பிடித்தது, செலவும் குறைவு.

துணி நாப்பி பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு சேதி. புதுப் பருத்தித் துணியில் நெசவுப் பசை இருக்கும், பலமுறை துவைத்த பிறகே நன்றாகக் குடிக்கும். பழைய வேட்டியும் பழைய சேலையும் நம் பாட்டிகளிடம் பேர் வாங்கியது அதனால்தான். துவைத்த பின் வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டால் அது நூல்மேல் படலமாகப் படிந்து துணியின் தாகத்தைக் குறைத்துவிடும். துணியைப் பொறுத்தவரை, அது சிறுநீரைப் பூட்டி வைப்பதில்லை, அழுத்தினால் விட்டுவிடும். ராத்திரி முழுக்க ஒரே நாப்பியை நம்ப முடியாது.

எப்போது எழுப்பியே ஆக வேண்டும்

மலம் போயிருந்தால் தூங்கினாலும் மாற்ற வேண்டும். மலத்திலுள்ள செரிமான நொதிகள் சிறுநீரோடு சேரும்போது தோலை அரிக்கும் வேகம் கூடுகிறது. பிறந்து முதல் ஒன்றரை மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் ராத்திரியும் மலம் போவது இயல்பு, அந்தக் காலத்தில் தூக்கம் கெடாமல் டயப்பர் மாற்றுவது என்பது யாருக்கும் கைகூடாது. அப்புறம் ராத்திரி மலம் தானாகக் குறைந்துவிடும். தோலில் ஏற்கெனவே சிவப்பு இருந்தாலும் ராத்திரி ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். தொடை இடுக்கின் மடிப்புக்குள்ளேயே சிவந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒழுகுகிறதே என்று குப்புறப் படுக்கிற குழந்தையின் அடியில் தலையணையை முட்டுக் கொடுப்பதும், இரண்டு மூன்று மடிப்பு விரிப்பைப் போட்டு மெத்தையாக்குவதும் வேண்டாம். ஒரு வயது வரை மல்லாக்கப் போட்டுத் தூங்க வைப்பதும், கெட்டியான சமமான படுக்கையும்தான் பாதுகாப்பு. தானாகப் புரண்டு குப்புறப் படுத்தால் படுக்கட்டும், டயப்பருக்காக நாம் படுக்கை முறையை மாற்ற வேண்டியதில்லை. விரிப்பு நனையாமலிருக்க இறுக்கமாகப் போட்ட ஒரு நீர்புகா விரிப்பு போதும்.

ராத்திரிப் பாலைக் குறைத்து டயப்பரைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், அதிலும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு. நாளொன்றுக்கு நனைந்த டயப்பரின் எண்ணிக்கை ஆறுக்கும் கீழே போனால் குழந்தைக்கு நீர் போதாமல் இருக்கலாம். எடை கூடாமல், எந்நேரமும் தாகமாக, திடீரென்று டயப்பர் டயப்பராக நனைக்கத் தொடங்கினால் அது டயப்பர் கம்பெனியின் தவறல்ல. அன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரையும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.